z⁴ = −8 + 8√3 i: இரண்டு சதுரங்கள் கிடைக்கின்றன, எது சரி?

தக்கலை_மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். டியூஷனில் கொடுத்த தாளில் z⁴ = −8 + 8√3 i என்ற சமன்பாட்டின் எல்லா மூலங்களையும் கண்டு ஆர்கண்ட் தளத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 64-உம் 192-உம் சேர்ந்து 256, அதன் வர்க்கமூலம் 16. ஆகவே மட்டு மதிப்பு 16 என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. tan θ = −√3 என்று வந்ததால் θ = −60° என எடுத்து, அதை நான்கால் வகுத்து −15° என்றும், பிறகு 90° வீதம் கூட்டி 75°, 165°, 255° என்றும் எழுதினேன். மூலங்களின் மட்டு மதிப்பு 2. கவராயத்தால் வட்டம் போட்டுக் குறித்தால் நல்ல சதுரம் கிடைக்கிறது. z³ உறுப்பு இல்லாததால் மூலங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்க வேண்டும். அதுவும் பூச்சியமாகவே வருகிறது.

என் தோழி θ = 120° என்று எடுத்து 30°, 120°, 210°, 300° என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கும் சதுரம் வருகிறது, கூட்டுத்தொகையும் பூச்சியம். இருவருடைய விடைகளும் ஒரே சோதனையில் தேறிவிட்டால் எது சரி என்று எப்படிச் சொல்வது? அதே தாளில் அடுத்த கணக்கு z⁸ + 16z⁴ + 256 = 0. முதல் கணக்கு தெளிவாகாமல் அதைத் தொடத் தயக்கமாக இருக்கிறது.

குழித்துறை_கணிதன்

தோழியின் விடை சரி. உங்கள் சதுரமும் ஒரு சமன்பாட்டின் மூலங்கள்தான், ஆனால் அந்தச் சமன்பாடு z⁴ = 8 − 8√3 i.

tan என்னும் சார்பு ஒவ்வொரு 180°-க்கும் தன் மதிப்பைத் திரும்பக் கூறுகிறது. மெய்ப்பகுதி குறை எண்ணாகவும் கற்பனைப் பகுதி மிகை எண்ணாகவும் இருக்கும் புள்ளியும், அதற்கு நேர் எதிரே ஆதிக்கு மறுபுறம் இருக்கும் புள்ளியும் tan-க்கு ஒன்றே, ஏனெனில் y-ஐ x-ஆல் வகுக்கும்போதே குறிகள் கலந்துவிடுகின்றன. வகுப்பதற்கு முன்பு புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று பார்த்திருந்தால், −8 இடப்பக்கம், 8√3 மேல்பக்கம், ஆகவே இரண்டாம் கால்பகுதி, கோணம் 180° − 60° = 120° என்று கிடைத்திருக்கும்.

வீச்சில் 180° தவறினால் நான்காம் படிமூலத்தில் அந்தத் தவறு நான்கில் ஒன்றாகி 45° ஆகிறது. மூலங்களோ 90° இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே உங்கள் நான்கு புள்ளிகளும் சரியான நான்கு புள்ளிகளுக்கு மிகச் சரியாக நடுவில் போய் விழுந்திருக்கின்றன. இரண்டு சதுரங்களையும் ஒரே வட்டத்தில் வரைந்தால் எண்கோணத்தின் எட்டு முனைகளும் நிரம்பிவிடும்.

கூட்டுத்தொகைச் சோதனை ஏன் கைவிட்டது என்பதையும் சொல்கிறேன். ஆதியை மையமாகக் கொண்ட எந்தச் சதுரத்தின் முனைகளைக் கூட்டினாலும் பூச்சியம்தான் வரும். அந்தச் சோதனைக்கு வலப்பக்க எண் என்ன என்பதே தெரியாது. அந்த எண்ணை அறிந்தது பெருக்கற்பலன் மட்டுமே. z⁴ − c = 0 என்பதில் நான்கு மூலங்களின் பெருக்கற்பலன் −c ஆக வேண்டும், அதாவது இங்கே 8 − 8√3 i. தோழியின் கோணங்களைக் கூட்டினால் 660°, அதிலிருந்து 720° கழித்தால் −60°; மட்டு மதிப்பு 2⁴ = 16; இவை சேர்ந்து 8 − 8√3 i. உங்கள் கோணங்களைக் கூட்டினால் 480°, அதாவது 120°; பெருக்கற்பலன் −8 + 8√3 i என்று குறி மாறி நிற்கிறது.

தேர்வறையில் இதைவிட எளிய வழி உண்டு. 30° மூலம் √3 + i. அதை வர்க்கம் செய்தால் 3 − 1 + 2√3 i = 2 + 2√3 i. மீண்டும் வர்க்கம் செய்தால் 4 − 12 + 8√3 i = −8 + 8√3 i. ஒரே ஒரு மூலம் சமன்பாட்டை நிறைவு செய்துவிட்டால், சம இடைவெளியில் நிற்கும் மற்ற மூன்றும் தாமே சரியாகிவிடும்.

இரணியல்_பொறியியல்

ஐயா சொல்வதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கலப்பெண் மூலங்கள் எப்போதும் இணை இணையாகத்தான் வரும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோம். √3 + i ஒரு மூலம் என்றால் √3 − i என்பதும் மூலமாக இருந்தாக வேண்டும். தோழியின் பட்டியலில் 30° இருக்கிறது, ஆனால் −30° இல்லை. ஆகவே அவருடைய விடையும் முழுமையாகச் சரியில்லை என்றே எனக்குப் படுகிறது.

குழித்துறை_கணிதன்

நீங்கள் நினைவில் வைத்திருக்கும் தேற்றம் உண்மையானது, அதன் நிபந்தனைதான் விடுபட்டிருக்கிறது. கெழுக்கள் அனைத்தும் மெய்யெண்களாக இருக்கும்போது மட்டுமே மூலங்கள் இணைகளாக வரும். சமன்பாட்டின் இருபுறமும் இணையெண் எடுத்தால், மெய்க்கெழுக்கள் மாறாமல் இருக்க z மட்டும் தன் இணையாக மாறுகிறது. அதனால்தான் அந்தத் தேற்றம் நிற்கிறது. இங்கே மாறிலி உறுப்பு ஒரு கலப்பெண். இருபுறமும் இணையெண் எடுத்தால் வலப்பக்கம் −8 − 8√3 i ஆகிவிடுகிறது. அதாவது √3 − i ஒரு மூலம்தான், ஆனால் அடுத்த வீட்டுச் சமன்பாட்டின் மூலம். வேண்டுமானால் (√3 − i)-ஐ நான்காம் படிக்கு உயர்த்திப் பாருங்கள், −8 − 8√3 i வரும்.

படத்தைப் பார்த்தாலே இது தெரியும். மெய்க்கெழுச் சமன்பாட்டின் மூலப்படம் மெய் அச்சில் மடித்தால் தன்மேல் தானே பொருந்தும். தோழியின் சதுரத்தில் 30° புள்ளி மடிந்து −30°-க்குப் போகிறது, அங்கே புள்ளி இல்லை. பொருந்தாததுதான் இங்கே சரியான அறிகுறி.

களியக்காவிளை_ராஜ்

எல்லைக்கு அப்பால் பாறசாலையில் படிக்கும் என் தம்பியின் பாடநூலில் டி மாய்வரின் தேற்றம் கிடையாது. ஆனாலும் அவன் இந்தக் கணக்கைக் கோணமே இல்லாமல் போட்டுவிட்டான். நான்காம் படிமூலம் என்பது வர்க்கமூலத்தின் வர்க்கமூலம் அல்லவா? முதலில் (a + ib)² = −8 + 8√3 i என்று வைத்துக்கொண்டான். மெய்ப்பகுதியிலிருந்து a² − b² = −8, மட்டு மதிப்பிலிருந்து a² + b² = 16. கூட்டிக் கழித்தால் a² = 4, b² = 12. கற்பனைப் பகுதி மிகை எண் என்பதால் a, b இரண்டும் ஒரே குறியில் இருக்க வேண்டும். ஆகவே ±(2 + 2√3 i).

அடுத்து 2 + 2√3 i-க்கு இதே வேலையைச் செய்தால் a² = 3, b² = 1, விடை ±(√3 + i). −2 − 2√3 i-க்குச் செய்தால் a² = 1, b² = 3; இங்கே 2ab குறை எண் என்பதால் குறிகள் எதிரெதிர், விடை ±(1 − √3 i). நான்கும் கிடைத்துவிட்டன. tan-இல் ஏமாறுவதற்கு இதில் வாய்ப்பே இல்லை. எனவே எந்தப் படிமூலத்துக்கும் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

குழித்துறை_கணிதன்

தம்பியின் வேலை பிழையற்றது. விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல துணை இல்லை, ஏனெனில் இது கோண வழியைச் சிறிதும் சாராமல் அதே நான்கு புள்ளிகளுக்கு வந்து சேர்கிறது. ஆனால் ‘எந்தப் படிமூலத்துக்கும்’ என்பதை ஏற்க இயலாது. 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் படிகளுக்கு மட்டுமே இவ்வழி நடக்கும். மூன்றாம் படிமூலத்துக்கு (a + ib)³ என்று விரித்தால் a³ − 3ab² என்பது ஒரு பகுதி, 3a²b − b³ என்பது மறுபகுதி. இவற்றிலிருந்து b-ஐ நீக்கினால் a-க்கு மீண்டும் ஒரு முப்படிச் சமன்பாடே கிடைக்கும், பெரும்பாலும் அது தொடங்கிய இடத்தைவிட எளிதாக இருக்காது.

முப்பந்தல்_காற்றாலை

நான் கணித ஆசிரியன் அல்லன், காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கோணத்தைப் பற்றி இவ்வளவு விவாதம் ஏன் என்று புரியவில்லை. எங்கள் வேலையில் −15° என்றாலும் 345° என்றாலும் ஒன்றுதான், யாரும் சண்டை போடுவதில்லை. மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் 0°, 120°, 240° என்று மூன்று மின்னழுத்தங்கள் நிற்கின்றன; சுமை சமமாக இருந்தால் மூன்றையும் கூட்டினால் பூச்சியம், அதனால்தான் நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் இருப்பதில்லை. இந்த மூன்றும் 1-இன் மூன்றாம் படிமூலங்கள் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித் தந்தார்கள்.

ஒரு செய்தி. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிப் பூட்டினால் அதே மூன்று கோணங்கள்தான் இருக்கும், ஆனால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

குழித்துறை_கணிதன்

உங்கள் எடுத்துக்காட்டு இடத்துக்குப் பொருத்தமானதே, நண்பரே. ஆனால் மாணவியின் கேள்வி வேறு. −15°-உம் 345°-உம் ஒன்றுதான், அவற்றுக்கிடையே 360° இருக்கிறது. அவர் குழம்பியது −60°-க்கும் 120°-க்கும் இடையே; அங்கே 180° இருப்பதால் அவை எதிரெதிர்ப் புள்ளிகள்.

கம்பி மாற்றுவதைப் பற்றி நீங்கள் சொன்னது ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறது. மூலங்களின் கணத்துக்கு வரிசை கிடையாது; k = 0, 1, 2, 3 என்று நாம் எண்ணுவது எதையும் விட்டுவிடாமல் இருப்பதற்காக மட்டுமே. உங்கள் மோட்டாருக்கோ எது முதலில் உச்சத்தைத் தொடுகிறது என்பதே முக்கியம்.

மார்த்தாண்டம்_டியூஷன்

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். 210°, 300° என்று விடையில் எழுதும் மாணவர்களை நான் திருத்துவது வழக்கம். நம் பாடநூலில் முதன்மை வீச்சு −180°-க்கு மேல் தொடங்கி 180° வரை. ஆகவே −150°, −60° என்று எழுதுவதே முறை. விடைத்தாள் திருத்துபவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாதபோது எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

குழித்துறை_கணிதன்

கேள்வியில் முதன்மை வீச்சைக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. மூலங்களைக் கேட்டிருந்தால் −√3 − i என்பது 210° என்றாலும் −150° என்றாலும் அதே புள்ளிதான். அதற்காக மதிப்பெண் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மார்த்தாண்டம்_டியூஷன்

நியாயம் வேறு, பழக்கம் வேறு, சார். என் மாணவர்களை நான் முதன்மை வீச்சிலேயே எழுதச் சொல்வேன்.

தக்கலை_மாணவி

இருவருக்கும் நன்றி. இரண்டாம் கணக்கைத் தொடங்கிவிட்டேன். z⁴ = w என்று வைத்தால் w² + 16w + 256 = 0. தீர்த்தால் w = −8 ± 8√3 i. முதல் கணக்கின் எண்ணே மறுபடியும் வருகிறது, கூடவே அதன் இணையும் வருகிறது. எட்டு மூலங்களும் ஆரம் 2 வட்டத்தில் இருக்கும் என்பது வரை புரிகிறது. கோணங்களை இனிமேல்தான் எழுத வேண்டும்.

இரணியல்_பொறியியல்

எட்டு மூலங்கள், ஒரே வட்டம். 360-ஐ எட்டால் வகுத்தால் 45°. முதல் மூலம் 30°, ஆகவே 30°, 75°, 120°, 165° என்று தொடருங்கள். இம்முறை கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் இணைகளும் வந்துவிடும்.

தக்கலை_மாணவி

அண்ணா, 75°-க்கு இணை −75°, அதாவது 285°. உங்கள் வரிசையில் 30°, 75°, 120°, 165°, 210°, 255°, 300°, 345° என்றுதான் வருகிறது, 285° இல்லை. மேலும் 75°-ஐ நான்கால் பெருக்கினால் 300°. z⁴-இன் வீச்சு 120° அல்லது −120° ஆக இருக்க வேண்டுமே?

குழித்துறை_கணிதன்

அருமையாகப் பிடித்துவிட்டீர்கள், மகளே. இரணியல் நண்பர் கூறிய சம இடைவெளி z⁸ = c என்ற வடிவத்துக்கு மட்டுமே உரியது. இங்கே நடுவில் 16z⁴ என்ற உறுப்பு இருக்கிறது. அது இருப்பதால் இது ஓர் எண்ணின் எட்டாம் படிமூலக் கணக்கு அன்று. இரண்டு வெவ்வேறு எண்களின் நான்காம் படிமூலங்களைச் சேர்த்து வைத்த கணக்கு. ஒவ்வொரு நான்கும் தனித்தனியே சதுரம். முதல் சதுரம் 30°, 120°, 210°, 300°. அதை மெய் அச்சில் மடித்தால் இரண்டாம் சதுரம் −30°, −120°, −210°, −300°, அதாவது 330°, 240°, 150°, 60°.

எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் 30°, 60°, 120°, 150°, 210°, 240°, 300°, 330°. இடைவெளி 30°, 60°, 30°, 60° என்று மாறி மாறி வருகிறது. கடிகார முகத்தில் பன்னிரண்டு மணிக்குறிகளில் 12, 3, 6, 9 ஆகியவற்றை மட்டும் அழித்துவிட்டால் மிஞ்சுவது இந்தப் படமே. இது தற்செயல் அன்று. உங்கள் பல்லுறுப்புக் கோவையை z⁴ − 16 என்பதால் பெருக்கிப் பாருங்கள். நடு உறுப்புகள் அடிபட்டு z¹² − 4096 மட்டும் நிற்கும். 4096 என்பது 2¹². ஆரம் 2 வட்டத்தில் சம இடைவெளியில் நிற்கும் பன்னிரண்டு புள்ளிகளில், z⁴ = 16-க்கு உரிய 2, 2i, −2, −2i ஆகிய நான்கையும் எடுத்துவிட்டதே உங்கள் கணக்கு.

இனி ஒவ்வொரு புள்ளியையும் அதன் மடிப்புப் புள்ளியோடு சேருங்கள். ஆரம் 2-இல் θ கோணத்தில் உள்ள இணை z² − 4 cos θ · z + 4 என்ற மெய்க் காரணியைத் தரும். 30°-க்கு z² − 2√3 z + 4, 60°-க்கு z² − 2z + 4, 120°-க்கு z² + 2z + 4, 150°-க்கு z² + 2√3 z + 4. நடு இரண்டையும் பெருக்கினால் z⁴ + 4z² + 16, ஓர இரண்டையும் பெருக்கினால் z⁴ − 4z² + 16. இவ்விரண்டையும் பெருக்கினால் (z⁴ + 16)² − 16z⁴, அதாவது தொடங்கிய கோவையே.

மெய்மூலம் ஒன்றுகூட இல்லாத கோவை மெய்க் காரணிகளாக இவ்வளவு எளிதாகப் பிரிகிறது என்பதை 1702-இல் லைப்னிட்ஸ் நம்பவில்லை. X⁴ + a⁴ என்பதை இருபடி மெய்க் காரணிகளாக உடைக்க முடியாது என்றே அவர் எழுதினார். வெசெல் தளத்தில் புள்ளிகளை வைத்துக் காட்டியது 1797-இல், ஆர்கண்டின் வெளியீடு 1806-இல். படம் கைக்கு வந்த பிறகு, 45°-ஐ −45°-உடனும் 135°-ஐ −135°-உடனும் சேர்க்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே காண முடிகிறது.

நாகர்கோவில்_நிரலாளர்

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். என் வேலையில் ஒரு புதிர் நெடுநாளாக இருக்கிறது, இங்கே கேட்பது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பைத்தானில் ஓர் எண்ணை 0.25 படிக்கு உயர்த்தினால் ஒரே ஒரு மூலம்தான் கிடைக்கும். மேலே உள்ள எண்ணுக்கு அது 30° மூலத்தை மட்டும் தருகிறது, மற்ற மூன்றைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அது முதன்மை வீச்சை நான்கால் வகுக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே எல்லா மூலங்களும் வேண்டுமென்றால் np.roots-ஐப் பயன்படுத்துகிறேன். புதிர் இதுதான்:

```python
import numpy as np
print(np.roots([1, -1, -6, 14, -11, 3]))
```

இந்தக் கோவை (z − 1)⁴(z + 3) என்று எனக்குத் தெரியும், நானே விரித்து எழுதியது. −3 சுத்தமாக வருகிறது. ஆனால் நான்கு முறை 1 வர வேண்டிய இடத்தில், 1-ஐச் சுற்றி நான்கு வெவ்வேறு எண்கள் வருகின்றன. 1-இலிருந்து அவற்றின் தொலைவு ஏறத்தாழ 0.0001 அளவில் இருக்கிறது. கணினி பதினைந்து, பதினாறு இலக்கங்கள் வரை சரியாகக் கணக்கிடும் என்பார்களே, நான்காம் இலக்கத்திலேயே இப்படியா? இன்னொரு விசித்திரம்: அலுவலகக் கணினியில் இரண்டு மெய்மூலங்களும் ஓர் இணையும் வருகின்றன, வீட்டுக் கணினியில் மெய்மூலமே இல்லாமல் இரண்டு இணைகள் வருகின்றன. நிரல் ஒன்றே.

குழித்துறை_கணிதன்

அந்த நான்கு எண்களையும் 1-ஐ மையமாக வைத்துத் தளத்தில் குறித்துப் பார்த்தீர்களா?

நாகர்கோவில்_நிரலாளர்

இப்போது குறித்தேன். இரண்டிலும் சிறிய சதுரம். அலுவலகப் படத்தில் முனைகள் இடம், வலம், மேல், கீழ். வீட்டுப் படத்தில் அதே சதுரம் 45° சாய்ந்து நிற்கிறது.

குழித்துறை_கணிதன்

தக்கலை மாணவி தொடங்கிய இரண்டு சதுரங்கள் இவைதாம்.

கணினி கணக்கின் ஒவ்வொரு படியிலும் எண்களைப் பதினாறாம் இலக்கத்தருகே சற்றே உருட்டிவிடுகிறது; கெழுக்களையே சற்று மாற்றியதற்கு அது சமம். ஆகவே அது உண்மையில் தீர்ப்பது உங்கள் சமன்பாட்டை அன்று, மிக நெருங்கிய வேறொரு சமன்பாட்டை. z = 1-க்கு அருகில் உங்கள் கோவை 4(z − 1)⁴ போல நடந்துகொள்கிறது, ஏனெனில் அங்கே z + 3 என்பது 4. ஆகவே கணினி தீர்ப்பது ஏறத்தாழ (z − 1)⁴ = δ; இங்கே δ என்பது 10⁻¹⁶ அளவிலான ஓர் உருட்டல் பிழை. அதன் நான்காம் படிமூலத்தின் மட்டு மதிப்பு 10⁻⁴ அளவில் இருக்கும். பதினாறு இலக்கத் துல்லியம் நான்காகக் குறைந்தது நிரலின் குற்றம் அன்று, நான்கு மூலங்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதன் விளைவு. −3 தனித்து நிற்கும் மூலம். அங்கே பிழை படிமூலம் ஆவதில்லை, எனவே அது சுத்தமாக வருகிறது.

δ மிகை எண்ணாக விழுந்தால் வீச்சு 0°, மூலங்கள் 0°, 90°, 180°, 270°. அது உங்கள் அலுவலகப் படம். குறை எண்ணாக விழுந்தால் வீச்சு 180°, மூலங்கள் 45°, 135°, 225°, 315°. அது வீட்டுப் படம். np.roots கெழுக்களை ஓர் அணியில் அடுக்கி அதன் ஐகன் மதிப்புகளைக் காண்கிறது. அடியில் இயங்கும் நூலகம் இரண்டு கணினிகளிலும் வேறாக இருந்தால் உருட்டும் ஒழுங்கும் வேறாகும், பிழையின் குறியும் மாறலாம்.

ஆகவே அந்த நான்கில் எது மெய், எது கலப்பெண் என்று எண்ணுவதில் பொருளில்லை. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள். சதுரத்தின் முனைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், சராசரி தனித்தனி மூலங்களைவிட மிக நெருக்கமாக 1-க்கு வரும்.

நாகர்கோவில்_நிரலாளர்

சராசரி எடுத்தேன். பன்னிரண்டு இலக்கங்களுக்கும் மேலாக 1-உடன் ஒத்துப்போகிறது. நன்றி ஐயா. ஆனால் இங்கே நான்கு மடங்கு மூலம் என்று எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒரு கோவையில் நான்கு புள்ளிகள் குவிந்திருந்தால், அது உண்மையில் நான்கு மடங்கு மூலமா, அல்லது நெருங்கி நிற்கும் நான்கு தனி மூலங்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழித்துறை_கணிதன்

கெழுக்கள் முழு எண்களாகவோ பின்னங்களாகவோ துல்லியமாகத் தரப்பட்டிருந்தால் வழி உண்டு. கோவைக்கும் அதன் வகைக்கெழுவுக்கும் மீப்பெரு பொது வகுத்தியைக் கையால் அல்லது துல்லிய எண் கணக்கில் காணுங்கள். நான்கு மடங்கு மூலம் இருந்தால் (z − 1)³ அந்த வகுத்தியில் நிற்கும். தனி மூலங்கள் என்றால் வகுத்தி வெறும் மாறிலி. ஆனால் கெழுக்கள் ஒரு கருவியின் அளவீட்டிலிருந்து வந்திருந்தால், அளவீட்டுப் பிழைக்குள் இரண்டு நிலைகளுமே அடங்கிவிடும். அப்போது எண்களை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

முப்பந்தல்_காற்றாலை

எங்களிடம் அதிர்வு அளவீட்டிலிருந்து கெழுக்கள் எடுக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு மூலங்கள் ஒட்டி நின்றால் பொறியாளர்கள் ஒரு நாள் இரட்டை என்கிறார்கள், மறுநாள் தனித்தனி என்கிறார்கள். அதுவும் இதுதானா?

குழித்துறை_கணிதன்

இருக்கலாம். அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்றால், இரட்டை மூலம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ நூறில் மூன்று அளவுக்கு, பிரிந்து தெரியலாம். உங்கள் இரண்டு மூலங்களும் அதற்குள் நிற்கின்றனவா, அதைத் தாண்டி நிற்கின்றனவா?

முப்பந்தல்_காற்றாலை

நாளை பணிக்குச் சென்று அறிக்கையைப் பார்த்து எழுதுகிறேன்.

தக்கலை_மாணவி

எட்டுப் புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்துவிட்டேன். கார்ட்டீசியன் வடிவில் ±√3 ± i, ±1 ± √3 i என்று எட்டும் இரண்டே வரியில் அடங்கிவிட்டன. டியூஷன் சாருக்காக முதன்மை வீச்சையும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: (z − 1 − i)³ = 8i என்று இருந்தால், வட்டத்தின் மையத்தை 1 + i-க்கு நகர்த்திவிட்டு மற்றதெல்லாம் அப்படியே செய்யலாமா?

களியக்காவிளை_ராஜ்

செய்யலாம். 8i-இன் மூன்றாம் படிமூலங்கள் 30°, 150°, 270°, ஆரம் 2. ஒவ்வொன்றிலும் 1 + i-ஐக் கூட்டுங்கள். கடைசி மூலம் −2i + 1 + i, அதாவது 1 − i. கூட்டுத்தொகை இப்போது பூச்சியமாக வராது, 3 + 3i வரும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.